போட்டோவின் கிழிந்த மூலையை வெட்டித் தருவது சம்பந்தமாக

குடியாத்தம்
12.12.2025

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை போனில் பேசினேனே, பழைய குரூப் போட்டோ, மூலை கிழிந்தது என்று, அந்தப் போட்டோவை என் தங்கை பையனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவன் தினமும் வேலைக்கு வேலூர் வந்து போகிறவன். போட்டோவைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவான், பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல அவனுக்கு நேரமும் கிடையாது, விவரமும் தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், கம்ப்யூட்டரில் உட்காரும் தம்பியிடமும் ஒருமுறை படிக்கக் கொடுங்கள்.

போட்டோ எட்டரைக்கு ஆறரை அங்குலம், படுக்கை வாட்டம். 1957-இல் எடுத்தது. பின்னால் பென்சிலில் வருஷம் மட்டும் எழுதியிருக்கிறது. காமராஜர் எங்கள் ஊரில் நின்று ஜெயித்து மூணாவது வருஷம் என்று அப்பா கணக்குச் சொல்லுவார், அதுவும் சரியாகத்தான் வருகிறது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்த சமயம், தாத்தா ஸ்டூடியோக்காரரை வீட்டுக்கே வரவழைத்து, திண்ணைக்கு முன்னால் உட்கார வைத்து எடுத்திருக்கிறார். மொத்தம் பத்தொன்பது பேர். முன்வரிசையில் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் இடது பக்கத்திலிருந்து மூன்றாவது பையன் என் அப்பா. வரும் தை மாசம் அவருக்கும் அம்மாவுக்கும் எண்பதாம் கல்யாணம். அதற்குத்தான் இது வேண்டும்.

கிழிசல் வலது பக்கம் கீழ் மூலையில். கீழ் ஓரத்தில் ஒரு அங்குலம், வலது ஓரத்தில் மேலே முக்கால் அங்குலம், முக்கோணமாகப் போய்விட்டது. 2021 நவம்பர் மழை உங்களுக்கே ஞாபகம் இருக்கும், பாலாறு இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. அந்த வருஷம் எங்கள் கூடத்துச் சுவர் முழுக்க ஓதம். சட்டத்துக்குள் போட்டோ கண்ணாடியைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, நடுவில் அட்டை எதுவும் வைக்கவில்லை. போட்டோ மேல் பூசியிருக்கிற ஜெலட்டின் ஈரம் பட்டதும் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. பிரித்தபோது மூலை மட்டும் கண்ணாடியோடு போய்விட்டது. அந்தத் துண்டு தேறவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூலையை வெட்டி எடுத்துவிட்டு நேர் படமாகக் கொடுங்கள் என்று போனில் சொன்னேன். வெட்ட வேண்டியது ஸ்கேன் பண்ணின படத்தில். ஒரிஜினல் மேல் கத்தியோ கட்டிங் மெஷினோ படக்கூடாது, கிழிந்த ஓரம் அசிங்கமாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். படத்தில் வெட்டும்போது வலது பக்கத்தை வெட்டாதீர்கள். கீழே வெட்டுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கிழிசலுக்கு நேர் மேலே, வலது கோடியில், பின்வரிசையிலும் சேராமல் படிக்கட்டு ஓரமாக ஒரு அம்மா நிற்கிறார்கள். தாத்தாவின் அக்கா. எங்களுக்கு அத்தைப்பாட்டி. சின்ன வயசிலேயே புருஷன் தவறி, பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர்கள். அப்பாவையும் சித்தப்பாவையும் வளர்த்தது அவர்கள்தான், பாட்டி தறியிலேயே உட்கார்ந்திருப்பார்களாம். அந்தக் காலத்து வழக்கம், நல்ல நாளில் எடுக்கிற போட்டோவில் நடுவில் நிற்க மாட்டார்கள். யாரோ கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லி, கடைசியில் ஓரமாக வந்து நின்ற மாதிரி நிற்பார்கள், பாருங்கள். ஒரு கை திண்ணைத் தூணில் இருக்கும். அவர்களுக்கு இருக்கிற ஒரே போட்டோ இதுதான்.

தலையில் முக்காடு போட்ட வெள்ளைச் சேலை, பின்னால் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். அவசரத்தில் பார்க்கிறவர்களுக்கு ஓரத்தில் வெளிச்சம் பட்டுப் படம் வெளுத்துப்போன மாதிரிதான் தெரியும். அது கறை இல்லை, ஆள். சேலை முந்தானை படத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது.

முன்னே ஒரு கடையில் (உங்கள் பக்கத்துக் கடை இல்லை, பயப்படாதீர்கள்) சித்தப்பா இதே போட்டோவைக் காப்பி எடுத்தார். அவர்கள் கிழிசல் போக வலது பக்கம் ஒரு அங்குலத்தை ஒரே வெட்டாக வெட்டி, எல்லோர் முகத்தையும் மெழுகிய மாதிரி வழவழப்பாக்கி, பளபளவென்று பத்துக்கு எட்டில் கொடுத்தார்கள். தாத்தா மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார். அத்தைப்பாட்டி இல்லை. தூணில் நாலு விரல் மட்டும் இருக்கிறது. அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டேன். கீழே முக்கால் அங்குலம் எடுத்தால் கிழிசல் முழுக்கப் போய்விடும், எட்டரைக்கு ஐந்தேமுக்கால் மிஞ்சும். இது பன்னிரண்டுக்கு எட்டு சைஸுக்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. இன்னும் ஒரு இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இரண்டு மில்லிமீட்டரை மேலே ஓட்டுக் கூரையில் எடுத்துக்கொள்ளுங்கள், கீழே எடுக்காதீர்கள். ஏனென்றால் கிழிசல் முடிகிற இடத்துக்கு ஒரு நெல் அளவு மேலேதான் அத்தைப்பாட்டியின் கால் விரல் இருக்கிறது. பத்துக்கு எட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். கீழே வெட்டியதற்கு அப்புறம் அந்த சைஸுக்குக் கொண்டுவந்தால் அகலத்தில் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் போய்விடும், மறுபடி அதே கதை.

கீழே வெட்டுவதால் ஜமக்காளத்தின் கரை போகும், இடது மூலையில் அமுக்கியிருக்கிற ஸ்டூடியோ முத்திரை போகும், சித்தப்பாவின் கால் கட்டைவிரல் போகும். அப்போது அவருக்கு மூணு வயசு, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அவரிடமே கேட்டேன், "மத்ததெல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு, எடுத்துக்க சொல்லு" என்றார். அதனால் பிரச்சினை இல்லை.

மூலையை வெட்ட வேண்டியதில்லை, பக்கத்துத் தரையைக் காப்பி பண்ணி ஒட்டி நிரப்பிவிடலாம், தெரியவே தெரியாது என்று தம்பி போனில் சொன்னார். செய்வார் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மூலையில் என்ன இருந்தது என்று எங்கள் வீட்டில் ஒரு முடிவு கிடையாது. வீட்டு நாய் படுத்திருந்தது, அதன் வால் தெரியும் என்கிறார் அப்பா. நாயே கிடையாது, அது செருப்பு என்கிறார் சித்தப்பா. வெறும் தரையை ஒட்டினால் இரண்டு பேரும் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். வெட்டிவிடுங்கள் பாய்.

ஸ்கேன் பண்ணும்போது சில விஷயம் பார்த்துக்கொள்ள வேண்டும். போட்டோ வலது பக்கம் லேசாகச் சுருண்டிருக்கிறது, மூடியை அழுத்தினால் பூச்சு வெடித்துவிடும், மெதுவாக இறக்கட்டும். உருளைக்குள் இழுத்துக்கொண்டு போகிற ஸ்கேனரில் போடவே கூடாது. ஈரத் துணி, ஸ்பிரிட் எதுவும் வைத்துத் துடைக்க வேண்டாம், தூசி இருந்தால் மெல்லிய பிரஷ் போதும். லேமினேஷன் வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறவர்கள் மேல் சாய்த்துப் பார்த்தால் நீலமாக மினுக்கும். பழைய போட்டோவில் இருக்கிற வெள்ளி மேலே வந்து அப்படி ஆகும் என்று நீங்களே முன்பு ஒருமுறை சொன்னீர்கள், அது அழுக்கு இல்லை. கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று இல்லாமல் கலரிலேயே 600 டிபிஐ-யில் எடுக்கச் சொல்லுங்கள், பிறகு வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். வெட்டுவதற்கு முன்னால், கிழிசலோடு இருக்கிற முழுப் படத்தை டிஃப் ஃபைலாக ஒன்று தனியாகச் சேமித்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். பென்டிரைவ் கவருக்குள்ளேயே இருக்கிறது.

வெளிச்சம் கூட்டுகிற ஆட்டோ பட்டனை மட்டும் தொட வேண்டாம். முகங்களுக்கு நன்றாக இருக்கும், ஆனால் வெள்ளை இன்னும் வெளுத்து, சேலையும் சுவரும் ஒன்றாகிவிடும். இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, சேலைக் கரையின் கோடு பிரிந்து தெரிய வேண்டும். அது தெரிகிறதா என்பதுதான் எனக்கு அளவு. கலர் அடிப்பது, முகத்தை வழவழப்பாக்குவது எல்லாம் வேண்டாம்.

பிரிண்ட் மூன்று காப்பி, மேட் பேப்பரில். இதில் இன்னொரு சின்ன வேலை இருக்கிறது. பிரேம் போட்டால் சட்டத்தின் உள் விளிம்பு சுற்றிலும் கால் அங்குலம் படத்தை மூடும். படம் ஓரம் வரைக்கும் இருந்தால் முந்தானையும் தோளும் சட்டத்துக்குள் போய்விடும். அதனால் பன்னிரண்டுக்குப் பதினெட்டு ஷீட்டில் படத்தைப் பன்னிரண்டுக்கு எட்டாக வைத்து அடித்து, சுற்றிலும் அரை அங்குலம் வெள்ளை விட்டு, பதிமூன்றுக்கு ஒன்பதாக வெட்டிக் கொடுங்கள். இந்த வெட்டுக்குக் கட்டிங் மெஷின் தாராளமாகப் போடலாம்.

மூன்றையும் அடிப்பதற்கு முன்னால் திரையில் வெட்டின படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அடித்தால் போதும். தறி ஓடுகிற நேரத்தில் போன் சத்தம் கேட்காது, உடனே பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம், மதியம் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துவிடுவேன்.

அட்வான்ஸ் ஐந்நூறு ரூபாய் பையனிடம் கொடுத்திருக்கிறேன். மீதியை எவ்வளவு என்று சொன்னால் ஜிபே பண்ணிவிடுகிறேன். 22-ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் கிடைத்தால் இங்கே பிரேம் போட வசதியாக இருக்கும். பொங்கல் நெருங்கிவிட்டால் பிரேம்காரரைப் பிடிக்க முடியாது.

போட்டோ இரண்டு அட்டைக்கு நடுவில், பட்டர் பேப்பர் சுற்றி இருக்கிறது. திரும்பக் கொடுக்கும்போதும் அப்படியே வைத்து, சாய்ந்தரம் ஆறு மணிக்கு மேல் பையன் வருவான், அவன் கையிலேயே கொடுங்கள். வேறு யார் வந்து கேட்டாலும், சித்தப்பாவே வந்து கேட்டாலும், எனக்கு ஒரு போன் போட்டுவிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கோ. சுந்தரமூர்த்தி

பி.கு.: கவர் மேல் பென்சிலில் ஒரு படம் போட்டு, எங்கே வெட்ட வேண்டும் என்று கோடு இழுத்திருக்கிறேன். கோணலாக இருக்கும், கணக்கு சரி. கல்யாணப் பத்திரிகையும் உள்ளே இருக்கிறது, வீட்டாரோடு அவசியம் வர வேண்டும்.