ரமாவுக்கு

அன்புள்ள ரமா,

அன்றைக்கு உன் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. கிருஷ்ணாம்பேட்டைக்கு வண்டி கிளம்பும்போது நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய், நானும் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். பதின்மூன்றாம் நாள் வந்தபோதும் கூட்டம். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ வேண்டும்போது படிக்கலாம், வேண்டாமென்றால் மடித்து வைத்துவிடலாம்.

கண்ணன் அண்ணா போய்விட்டார் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. ஐம்பது எல்லாம் போகிற வயசா?

அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். வந்தவர்கள் எல்லோரும் உன்னிடம் சொன்னது ஒரே விஷயம்தான்: "அம்மாவைப் பார்த்துக்கோ, மன்னியைப் பார்த்துக்கோ, பசங்களுக்குத் தைரியம் சொல்லு." நியாயம்தான், அவர்கள் இழந்தது பெரிது. ஆனால் உன்னை யாரும் கேட்கவில்லை. கல்யாணமான தங்கைக்குத் தீட்டு நாளும் குறைவுதானே என்று ஒரு மாமி சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. உன் துக்கத்துக்கு அப்படி நாள் கணக்கு கிடையாது, ரமா. மன்னிக்கு அவர் இருபத்து மூன்று வருஷத்துத் துணை. உனக்கு, நீ கண் திறந்த நாளிலிருந்து பக்கத்தில் இருந்தவர். அவர் இல்லாத ஒரு நாளை நீ பார்த்ததே இல்லை.

திருவல்லிக்கேணி வீட்டில் ஆறு குடித்தனம், ஒரே கிணறு, ஒரே மொட்டை மாடி. காற்று நம் பக்கம் திரும்பினால் சேப்பாக்கம் மைதானத்துச் சத்தம் அந்த மாடிக்குக் கேட்கும். 1999 ஜனவரி கடைசி ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? அண்ணா காலையிலேயே மேட்சுக்குப் போய்விட்டார். நாம் கீழே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சச்சின் 136-இல் அவுட். அப்போது ஜெயிக்கப் பதினேழு ரன்தான் பாக்கி. அப்புறம் ஒவ்வொருத்தராகப் போய், பன்னிரண்டு ரன்னில் பாகிஸ்தான் ஜெயித்தது. சீனு தரையில் புரண்டு அழுதான். அண்ணா வந்ததும் நீ அவர் மேல் பாய்ந்தாய், அவர்தான் தோற்றுவிட்டு வந்த மாதிரி. அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "அவங்க மைதானத்தைச் சுத்தி வந்தப்ப எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினோம்டி, நானும் தட்டினேன்" என்றார். உனக்கு மகா கோபம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எனக்கென்னவோ கண்ணன் அண்ணா என்றால் முதலில் ஞாபகம் வருவது அந்தச் சாயங்காலம்தான். தொண்டை கட்டிப்போய், கண் சிவந்து, ஆனாலும் கை தட்டியதைப் பெருமையாகச் சொன்ன அந்த முகம்.

இது உனக்கும் தெரிந்த கதை. இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

2002-இல் உனக்குக் கல்யாணம் ஆகி நீ போனாய். அடுத்த வருஷம் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். விடியற்காலை லாரி வரும், அதற்கு முன்பே தெருவில் குடங்கள் வரிசையில் நிற்கும். உன்னுடைய பச்சைக் குடத்தை, அந்த விளிம்பில் விரிசல் விட்டு மெழுகு வைத்து அடைத்த குடத்தை, அண்ணா தினமும் உங்கள் வீட்டு வரிசையில் வைத்தார். ஆளுக்கு இத்தனை குடம் என்று கணக்கு இருந்த நேரம். பின்கட்டு மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "ரமாதான் கல்யாணம் ஆகிப் போயாச்சே, அவ குடம் என்னத்துக்கு?" என்று ஒரு நாள் சத்தம் போட்டார். அண்ணா பதிலுக்குச் சத்தம் போடவில்லை. "அது ரமா குடம், மாமா. இருக்கட்டும்" என்றார். வேறு ஒரு குடத்தை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார், உன்னுடையதை எடுக்கவில்லை. நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஏன் இதை இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லவில்லை என்று தெரியவில்லை. ஒரு குடத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பேன்.

உன்னோடு வளர்ந்தவர் போகும்போது, அவர் மட்டும் ஞாபகம் வைத்திருந்த உன்னையும் கொண்டு போய்விடுகிறார். அவரிடம் இருந்த எல்லாவற்றையும் என்னால் திருப்பித் தர முடியாது. என் கண்ணில் பட்டது கொஞ்சம் இருக்கிறது. அதெல்லாம் உன்னுடையது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டின்போது உன் அம்மா சீனுவைப் பார்த்து, "கண்ணா, அந்தத் தீர்த்தத்தை எடு" என்றார். மறதியில் சொன்னாரா, வாய் தவறிச் சொன்னாரா, தெரியவில்லை. சீனு ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தான். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய், பார்த்தேன். அந்த ஒரு நொடியில் உங்கள் வீடு மாறிவிட்டது எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் நடுவில் இருந்தவள் நீ. மேலே ஒருத்தர் திட்ட, கீழே ஒருத்தன் திட்டு வாங்க. இப்போது சீனுவுக்கு மூத்தவள் நீதான். யாரும் உன்னைக் கேட்டுவிட்டு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. உடனே அண்ணா மாதிரி இருக்க வேண்டும் என்று தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். சீனுவும் ஒரு அண்ணனை இழந்திருக்கிறான், அவனோடு சேர்ந்து அழுதாலே போதும். மாப்பிள்ளைப் பையன் மாதிரி அடக்கமாக நின்றிருந்தான், பாவம். ராத்திரி அவனுக்குப் போன் பண்ணு. பேச ஒன்றும் இல்லையென்றாலும் பண்ணு.

தை மாதத்தை நினைத்தால்தான் எனக்கே பயமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் கனு வைக்கும் வழக்கம் இல்லை. அதனால் நீ மஞ்சள் இலையில் கலர் கலராகச் சாதம் பிடித்து வைப்பதை வேடிக்கை பார்க்கவே விடியற்காலை மாடிக்கு ஓடி வருவேன். "காக்காய்க்கும் குருவிக்கும் கல்யாணம்" என்று நீ சொல்ல, கூடப்பிறந்தவர்கள் நன்றாக இருக்கணும் என்று உன் பாட்டி சொல்லிக்கொடுக்க, கீழே அண்ணா போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருப்பார். எழுந்து வந்து பதினோரு ரூபாய் கொடுப்பார். போன வருஷம்கூடப் போனில் ஐநூற்றொரு ரூபாய் அனுப்பினார் என்று காட்டினாயே. இந்தத் தடவை அந்தக் காலையில் என்ன செய்வாய் என்று நான் சொல்லப் போவதில்லை. சீனுவுக்காக வைத்தாலும் சரி, வைக்காமல் படுத்துக்கிடந்தாலும் சரி. அன்றைக்கு நான் மடிப்பாக்கத்திலிருந்து விடிவதற்குள் வந்துவிடுவேன், அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அதற்கு முன்னால், வருகிற வியாழக்கிழமை. எனக்கு அன்று லீவு. பத்து மணிக்கு வருகிறேன். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, பேப்பர் படித்துக் காட்டி, சாயங்காலம் வரை நான் கூட இருக்கிறேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு. தூக்கம் வராவிட்டால் வெளியே வா, அந்தக் குடத்துக் கதையை அம்மாவுக்கும் சொல்லலாம். சமைக்காதே. ரசமும் பீன்ஸ் கறியும் நான் கொண்டு வருகிறேன்.

உன்
செல்வி