பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கம்: ஆண்டுப் பேரவைக் கூட்ட அறிவிப்பு

நாள்: 01.09.2025

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நமது சங்கத்தின் 2024-25ஆம் ஆண்டுப் பேரவைக் கூட்டம் 21.09.2025, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 10.30 மணிக்குச் சங்கக் கட்டட வளாகத்தில் தலைவர் தலைமையில் நடைபெறும். காலைப் பால் ஊற்றிவிட்டு, மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு வர வசதியாகவே இந்த நேரம் குறிக்கப்பட்டுள்ளது.

பொருள் நிரல்:
1. சென்ற பேரவைக் கூட்ட நடவடிக்கைகளை உறுதி செய்தல்.
2. ஆண்டறிக்கை, தணிக்கை அறிக்கை.
3. நிகர லாபப் பிரிவினை, பங்கு ஈவு, போனஸ்.
4. 2025-26 வரவு செலவுத் திட்டம்.
5. புதிய பால் பரிசோதனைக் கருவி வாங்குதல். பழைய கருவி ஒரே கேன் பாலுக்கு இருமுறை இருவேறு கொழுப்பு அளவைக் காட்டுகிறது. அந்த அளவை வைத்தே உங்கள் பணம் கணக்கிடப்படுவதால், இதை முழுமையாக விவாதிக்க வேண்டுகிறோம். மூன்று விலைப்புள்ளிகளும் அலுவலகத்தில் பார்வைக்கு உள்ளன.
6. தலைவர் அனுமதியுடன் பிற பொருள்கள்.

குறைவெண்: மொத்த உறுப்பினர்கள் 412 பேர், துணைவிதிப்படி 83 பேர் வர வேண்டும். 11 மணிக்குள் குறைவெண் சேராவிட்டால் கூட்டம் 28.09.2025 அன்று அதே இடத்தில், அதே நேரத்தில் நடைபெறும்.

பதிலாள்: உறுப்பினருக்கு ஒரு வாக்கு, அதை நேரில் மட்டுமே அளிக்கலாம். கணவருக்காக மனைவியோ, தந்தைக்காக மகனோ கையெழுத்திட்டு வாக்களிக்க இயலாது. அதிகாரக் கடிதமும் ஏற்கப்படாது. நடக்க இயலாத முதியவர்கள் முன்கூட்டித் தெரிவித்தால் வண்டி அனுப்புகிறோம்.

உறுப்பினர் அட்டையைத் தவறாமல் கொண்டு வரவும். தீர்மானங்களை 15.09.2025 மாலை 5 மணிக்குள் எழுத்தில் கொடுக்கவும்.

நிர்வாகக் குழு ஆணைப்படி,
செயலாளர்