துணைநொதியும் வினையும்: பயிற்சி வினாத்தாள், விடை விளக்கத்துடன்

முதலாண்டு எம்.பி.பி.எஸ்., உயிர்வேதியியல்
நேரம்: 45 நிமிடம். மதிப்பெண்: 30

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இந்த ஆண்டு சேர்ந்தவர்கள் கேட்டதால் இந்தத் தாளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். பல்கலைக்கழகத் தேர்வு ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் ஒரு வினை எப்படி நடக்கிறது என்பது ஒரு மொழியில் விளங்கிவிட்டால் இன்னொரு மொழியில் எழுத ஒரு வாரம் போதும். விளங்காமல் மனப்பாடம் செய்தது தேர்வுக்கு முந்தைய இரவே மறந்துவிடும்.

பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். "கார்பாக்சில்" என்ற சொல்லைக் கண்டதும் பயோட்டின் என்று எழுதுவது இந்தப் பாடத்தில் ஆண்டுதோறும் நான் பார்க்கும் பிழை. ஒவ்வொரு வினையிலும் எந்தப் பிணைப்பு உடைகிறது, எந்தத் துண்டு எங்கே போகிறது என்று முதலில் ஓரத்தில் வரைந்துவிட்டு விடைக்கு வாருங்கள்.

பகுதி 1: பொருத்துக (11 × 1 = 11)

ஒரு துணைநொதி ஒன்றுக்கு மேற்பட்ட வினைகளுக்குப் பொருந்தலாம். ஒன்று மட்டும் எதற்கும் பொருந்தாது.

1. பைருவேட்டிலிருந்து CO₂ கழலும் முதல் படி, பைருவேட் டீஹைட்ரஜனேஸ்
2. குளூட்டமேட் → காபா
3. பைருவேட் → ஆக்சலோஅசிட்டேட்
4. டியுஎம்பி → டிடிஎம்பி
5. மெத்தில்மலோனைல் கோ-ஏ → சக்சினைல் கோ-ஏ
6. சக்சினேட் → ஃப்யூமரேட்
7. லாக்டேட் → பைருவேட்
8. அலனின் + ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் → பைருவேட் + குளூட்டமேட்
9. ரைபோஸ்-5-பாஸ்பேட் + சைலுலோஸ்-5-பாஸ்பேட் → செடோஹெப்டுலோஸ்-7-பாஸ்பேட் + கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட்
10. புரோத்ராம்பினில் உள்ள குளூட்டமேட் → காமா கார்பாக்சிகுளூட்டமேட்
11. மைட்டோகாண்ட்ரியாவில் ஐசோசிட்ரேட் → ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்

அ. பயோட்டின்
ஆ. தயமின் பைரோபாஸ்பேட்
இ. என்ஏடி
ஈ. பிரிடாக்சல் பாஸ்பேட்
உ. எஃப்ஏடி
ஊ. மெத்திலீன் டெட்ராஹைட்ரோஃபோலேட்
எ. அடினோசில் கோபாலமின்
ஏ. மெத்தில் கோபாலமின்
ஐ. வைட்டமின் கே

பகுதி 2: சரியான விடையைத் தேர்ந்தெடுக்க (4 × 1 = 4)

12. கீழே உள்ள நான்கிலும் CO₂ கழல்கிறது. தயமினும் வேண்டாம், பிரிடாக்சினும் வேண்டாம் என்பது எது?
அ. டோபா → டோபமைன்
ஆ. ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் → சக்சினைல் கோ-ஏ
இ. 6-பாஸ்போகுளூக்கோனேட் → ரிபுலோஸ்-5-பாஸ்பேட்
ஈ. ஹிஸ்டிடின் → ஹிஸ்டமின்

13. செரின் கிளைசினாக மாறும்போது கைகோக்கும் இரு வைட்டமின்கள் எவை?
அ. பி6, ஃபோலேட்
ஆ. பி12, ஃபோலேட்
இ. பி6, பயோட்டின்
ஈ. பி1, பி12

14. டெட்ராஹைட்ரோஃபோலேட் சுமக்காத ஒற்றைக் கார்பன் எது?
அ. மெத்தில்
ஆ. ஃபார்மைல்
இ. மெத்திலீன்
ஈ. CO₂

15. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு ஓர் இளைஞர் பல மாதங்களாகத் தினமும் பத்துப் பன்னிரண்டு பச்சை முட்டை வெள்ளைக்கருவைக் குடிக்கிறார். அவருக்குத் தளரக்கூடிய வினை எது?
அ. அசிட்டைல் கோ-ஏ → மலோனைல் கோ-ஏ
ஆ. ஹோமோசிஸ்டீன் → மெத்தியோனின்
இ. சக்சினேட் → ஃப்யூமரேட்
ஈ. குளூக்கோஸ் → குளூக்கோஸ்-6-பாஸ்பேட்

பகுதி 3: நோயாளியை வைத்து விளக்குக (3 × 5 = 15)

16. வயது 48. பல ஆண்டுகளாகக் குடிப்பழக்கம், சாப்பாடு சரியில்லை. தள்ளாடி நடக்கிறார், கண்கள் ஒரு பக்கமாகத் திரும்பவில்லை, பேச்சில் குழப்பம். வந்தவுடன் குளூக்கோஸ் ஏற்றுகிறார்கள். சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகிறது. எந்தத் துணைநொதி குறைந்திருக்கிறது? குளூக்கோஸ் ஏன் தீங்கானது? சிவப்பணுக்களில் எந்த நொதியை அளந்து இதை உறுதி செய்யலாம்?

17. வயது 62, சைவ உணவு, பால் பொருட்களும் குறைவு. ஆறு மாதம் முன்பு ரத்தசோகை என்று மருந்துக்கடையில் ஃபோலிக் அமில மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். ஹீமோகுளோபின் ஏறியது. ஆனால் பாத எரிச்சல் கூடிவிட்டது, இருட்டில் நடந்தால் தடுமாறுகிறார். ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம் இரண்டும் அதிகம். குறைந்த வைட்டமின் எது? ரத்தசோகை சரியாகி நரம்புப் பாதிப்பு மட்டும் வளர்ந்தது எப்படி?

18. காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுத்துவரும் பெண்ணுக்கு மூன்றாம் மாதம் கைகால் மதமதப்பு. இதே மருந்தை ஒரேயடியாக அதிகம் விழுங்கியவருக்கு வலிப்பு வருகிறது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் துணைநொதி எது? வலிப்பு எந்த வினை நின்றதால் வருகிறது?

விடைகளும் விளக்கங்களும்

பகுதி 1: 1-ஆ, 2-ஈ, 3-அ, 4-ஊ, 5-எ, 6-உ, 7-இ, 8-ஈ, 9-ஆ, 10-ஐ, 11-இ. மிஞ்சியது ஏ. மெத்தில் கோபாலமின் வேலை செய்யும் இடம் ஹோமோசிஸ்டீன் மெத்தியோனினாகும் வினை. அது இந்தப் பட்டியலில் இல்லை. பி12 என்றாலே இரு வடிவமும் ஒன்று என்று எண்ணுபவர்களுக்காகத்தான் இரண்டையும் அருகருகே வைத்தேன்.

1, 2, 11 மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றிலும் CO₂ கழல்கிறது, மூன்றுக்கும் வேறு வேறு விடை. CO₂ பிரியும்போது அந்தப் பிணைப்பில் இருந்த இரண்டு எலக்ட்ரான்கள் மூலக்கூறிலேயே தங்கிவிடும். அவற்றை வாங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். கேள்வியின் உயிர் இதில்தான் இருக்கிறது.

ஐசோசிட்ரேட்டை என்ஏடி ஆக்சிஜனேற்றம் செய்ததும் கிடைப்பது ஆக்சலோசக்சினேட். அது பீட்டா கீட்டோ அமிலம். கழலவிருக்கும் கார்பாக்சிலுக்கு ஒரு கார்பன் தள்ளி கீட்டோ தொகுதி இருப்பதால், அதுவே எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும். வைட்டமின் உதவி ஆக்சிஜனேற்றத்துக்குத்தான் தேவைப்பட்டது, CO₂ கழலுவதற்கு அல்ல. 12-க்கு விடை இ என்பதும் இதனால்தான். அங்கே என்ஏடிக்குப் பதில் என்ஏடிபி, மற்றபடி அதே கதை.

பைருவேட் ஆல்ஃபா கீட்டோ அமிலம். கீட்டோ தொகுதி கார்பாக்சிலை ஒட்டியே இருப்பதால் எலக்ட்ரான்களை வாங்க அதனால் முடியாது. அதனால் தயமின் பைரோபாஸ்பேட் தன் தயசோல் வளையக் கார்பனால் அந்தக் கீட்டோ கார்பனைப் பிடித்துக்கொண்டு, தன் நேர்மின் நைட்ரஜனை அந்த இடமாகக் கொடுக்கிறது. 9-ஆம் வினையில் CO₂ எதுவும் இல்லை. ஆனால் உடைவது கீட்டோ கார்பனை ஒட்டிய கார்பன் பிணைப்புதான், ஆகவே அங்கேயும் தயமின்.

அமினோ அமிலத்தில் கீட்டோவே கிடையாது. அங்கே பிரிடாக்சல் பாஸ்பேட் தன் ஆல்டிஹைடால் அமினோ தொகுதியைப் பிடித்து ஷிஃப் காரமாகிறது. அதன் பிரிடின் வளையம் எலக்ட்ரான்களை வாங்குகிறது. ஆல்ஃபா கார்பனில் எது உடைகிறது என்பதை நொதி முடிவு செய்யும். கார்பாக்சில் போனால் காபா, ஹிஸ்டமின், டோபமைன். ஹைட்ரஜன் போனால் அமினோ மாற்றம், அதாவது 8-ஆம் வினை. பக்கச் சங்கிலி போனால் 13-ஆம் கேள்வியில் வரும் செரின். ஒரே கார்பன், மூன்று பிணைப்பு. இதை வரைந்து பார்க்காதவர்கள் இன்றே வரையுங்கள்.

3-க்குப் பயோட்டின், 10-க்கு வைட்டமின் கே. பயோட்டின் பைகார்பனேட்டை ஏடிபி செலவில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கும். காமா கார்பாக்சிலேஷனில் பயோட்டினுக்கு வேலையில்லை. அங்கே ஒடுக்கப்பட்ட வைட்டமின் கே ஆக்சிஜனேற்றம் அடைந்து எபாக்சைடாகிறது. வார்ஃபரின் அந்த எபாக்சைடு மறுபடி ஒடுக்கப்படுவதைத் தடுக்கிறது.

பகுதி 2: 12-இ, 13-அ, 14-ஈ, 15-அ. பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் பயோட்டினை விடாமல் பற்றிக்கொள்ளும். வேகவைத்தால் அவிடின் சிதைந்துவிடும், அதனால் அவித்த முட்டையைப் பற்றிய பயம் வேண்டாம்.

13-இல் செரினின் ஹைட்ராக்சிமெத்தில் துண்டை பிரிடாக்சல் பாஸ்பேட் அறுக்கிறது, டெட்ராஹைட்ரோஃபோலேட் வாங்கிக்கொண்டு மெத்திலீன் டெட்ராஹைட்ரோஃபோலேட் ஆகிறது. நம் உடலின் ஒற்றைக் கார்பன்களில் பெரும்பங்கு இப்படித்தான் வருகிறது.

அந்த மெத்திலீனுக்கு மூன்று வழிகள். ஃபார்மைலாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் பியூரினின் 2, 8 ஆம் கார்பன்களாகும். நேராகப் போனால் 4-ஆம் வினை. இந்த வினைக்கு மட்டும் ஒரு தனிக்குணம் உண்டு: ஃபோலேட் கார்பனோடு ஹைட்ரஜனையும் கொடுத்துவிடுவதால் டைஹைட்ரோஃபோலேட்டாகிவிடும். அதை மீட்கும் நொதியைத்தான் மெத்தோட்ரெக்சேட் தடுக்கிறது. வேகமாகப் பெருகும் செல்கள் முதலில் அடிபடுவது இதனால்தான். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த லெடர்லி ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். ஃபோலேட்டுக்கு எதிரான முதல் புற்றுநோய் மருந்துகளும் அதே குழுவிலிருந்துதான் வந்தன. நம் மாணவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாதது எனக்கு எப்போதும் வருத்தம்.

மூன்றாவது வழி மெத்தில் டெட்ராஹைட்ரோஃபோலேட்டாக ஒடுங்குவது. இது ஒருவழிப்பாதை. திரும்ப இயலாது. அங்கிருந்து வெளியேற ஒரே கதவு ஹோமோசிஸ்டீனுக்கு மெத்திலைக் கொடுப்பது, அந்தக் கதவுக்குச் சாவி மெத்தில் கோபாலமின்.

16. தயமின் பைரோபாஸ்பேட் (1). குளூக்கோஸ் பைருவேட்டாக உடைந்து பைருவேட் டீஹைட்ரஜனேஸின் வாசலில் நிற்கும், லாக்டேட் ஏறும், மிச்சமிருந்த சொற்ப தயமினும் செலவாகும் (2). சிட்ரிக் அமிலச் சுழற்சியில் ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் டீஹைட்ரஜனேஸும் தடைபடுவதால் மூளைக்கு ஆற்றல் கிடைக்காது (1). அளக்க வேண்டியது டிரான்ஸ்கீட்டோலேஸ். சோதனைக் குழாயில் தயமின் பைரோபாஸ்பேட் சேர்த்ததும் அதன் வேகம் கணிசமாக ஏறினால் குறைபாடு உறுதி (1). தயமின் ஊசி முதலில், அல்லது குளூக்கோஸோடு சேர்த்து. தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் தயமின் அதிகம் தங்கும். ஊறி வேகும்போது தவிட்டிலிருந்த வைட்டமின் மணிக்குள் இறங்குவதால் அப்படி.

17. பி12 (1). மெத்தில் கோபாலமின் இல்லாமல் ஃபோலேட் மெத்தில் வடிவத்தில் மாட்டிக்கொள்கிறது, டிடிஎம்பி குறைகிறது, எலும்பு மஜ்ஜை தடுமாறுகிறது (1). மாத்திரையில் வந்த ஃபோலிக் அமிலம் மாட்டிக்கொண்ட இடத்தைத் தொடாமல் வேறு பக்கமாக டெட்ராஹைட்ரோஃபோலேட்டாகிறது, அதனால் ரத்தம் தேறியது (1). ஆனால் மெத்தியோனின் உருவாவதும், அடினோசில் கோபாலமின் வேண்டிய 5-ஆம் வினையும் அப்படியே நின்றிருந்தன, நரம்பு பாதிப்பு தொடர்ந்தது (1). ஃபோலேட் மட்டும் குறைந்திருந்தால் ஹோமோசிஸ்டீன் ஏறும், மெத்தில்மலோனிக் அமிலம் ஏறாது. இந்த வேறுபாட்டை எழுதியவர்களுக்கு மீதி 1 மதிப்பெண்.

18. பிரிடாக்சல் பாஸ்பேட் (2). ஐசோனியாசிட்டின் ஹைட்ரசைடு தொகுதி அதன் ஆல்டிஹைடோடு இணைந்துவிடுவதால், அமினோ அமிலத்தைப் பிடிக்கக் கை இல்லாமல் போகிறது (1). வலிப்பு வருவது 2-ஆம் வினை நின்று காபா குறைவதால் (2). அதனால்தான் அதிகம் விழுங்கியவருக்குப் பிரிடாக்சினையே சிரை வழியாகக் கொடுக்கிறார்கள். "நரம்புக்குச் சத்து குறைவு" என்று மட்டும் எழுதியிருந்தால் மதிப்பெண் கிடையாது. வினையின் பெயர் வேண்டும்.