தோடி காந்தாரம்

குழந்தைகளின் பாட்டுப் போட்டிக்கு நடுவராக வந்த சந்தானம் சார் பரிசு கொடுத்த கையோடு கிளம்பியிருக்க வேண்டும். ஆட்டோ வருவதற்குள் பெற்றோர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மதிப்பெண் தாளை எல்லோர் கையிலும் கொடுத்துவிடலாம் என்பது செயலாளரின் யோசனை. கொடுத்துவிட்டு அவர் மைக் செட்டுக்காரரோடு கணக்குத் தீர்க்கப் போய்விட்டார்.

"சார், என் பொண்ணு தோடி வர்ணம் பாடினா. சுருதிக்கு நீங்களே 25-க்கு 25 போட்டிருக்கீங்க. ராகத்துக்கு மட்டும் 14. சுருதி சரின்னா ராகம் எப்படி சார் தப்பாகும்?"

நியாயமான கேள்விதான். அதுதான் வம்பு.

"குழந்தை காந்தார ஸ்வரத்தை அப்படியே நிறுத்தறா."

பெண்ணின் அப்பா செல்போனை நீட்டினார். பதிவு ஓட, ட்யூனர் செயலியில் முள் பச்சையை விட்டு அசையவில்லை. "பாருங்க, கொஞ்சங்கூடப் பிசகல."

"அதுதான் தப்பு" என்றார் சார். சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலிக்கும் என்று உறைத்தது. "இல்லை... தோடியில காந்தாரம் ஒரு இடத்துல நிக்காது. ரிஷபத்தையும் தொடும், மத்யமத்தையும் தொடும். அந்த அசைவுதான் காந்தாரம்."

"சரி, எவ்வளவு அசையணும்?"

நாற்பது வருஷம் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவரிடம் அதற்கு ஓர் எண் இல்லை. தொடையைத் தட்டிக்கொண்டு பாடிக் காட்டினார். எழுபத்தாறு வயதுத் தொண்டை, போதாக்குறைக்குச் சளி. முள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் துள்ளியது. திரை முழுக்கச் சிவப்பு.

"உங்களுது நிக்கவே மாட்டேங்குதே சார்!"

"ஆமா! அதேதான்!" சாருக்கு ஒரே சந்தோஷம். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பின்னாலிருந்து ஓர் அம்மா, "என் பையனுக்குத் தாளத்துல 21. முதல் பரிசு வாங்கின பையனுக்கு 17. அவன் சரணத்துல தாளத்தை விட்டான், நானே பார்த்தேன்" என்றார்.

"விட்டான்மா. விட்டதும் பதறாம ஒரு ஆவர்த்தம் சும்மா தட்டினான். அப்புறம் சரியா எடுப்புல வந்து சேர்ந்துட்டான். பத்து வயசுல..." சாருக்கு அதை நினைக்க இப்போதும் உடம்பு சிலிர்த்தது. "அதுக்குத் தாள்ல கட்டம் இல்லை. உணர்ச்சி பாவத்துக்கான மார்க்குல சேர்த்தேன்."

"அப்போ தப்பு பண்ணினா மார்க் உண்டா?"

சார் வாயைத் திறந்து மூடினார்.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. அந்தச் சிறுமி அப்பாவின் சட்டையை இழுத்தாள். "அப்பா, ஆப்பை மூடிட்டு ரெக்கார்டர் போடு. தாத்தா, அந்தக் காந்தாரம் மட்டும் மெதுவாப் பாடுங்க."

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "செயலாளர் சார், ஆட்டோவை நிக்கச் சொல்லுங்க. வெயிட்டிங் சார்ஜ் உங்க கணக்கு."