ஐந்தாம் பத்தி

மரகதம் ஆயாவின் முதியோர் உதவித்தொகை மனுவை ஒரே வரியில் தள்ளுபடி செய்திருந்தார்கள்: “மனுதாரருக்குச் சொந்தமாகக் கான்கிரீட் வீடு உள்ளது.”

அந்தக் கான்கிரீட் வீடு, தண்டையார்பேட்டையில் வாரியக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஓர் அறை, அதன் ஓரத்தில் அடுப்புத் திட்டு, பின்பக்கம் குழாயடி. கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. அதற்கு நேர் கீழே ஆயா படுப்பதில்லை. பாயைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொள்வார். காசிமேட்டில் இறால் உரித்தே காலம் தள்ளியவர். முழங்கால் வீங்கி மாடிப்படி இறங்க முடியாமல் போன பிறகுதான் உதவித்தொகைக்கு மனுப் போட்டார். மாதம் 1,200 ரூபாய். 2023-இல் ஆயிரத்திலிருந்து உயர்த்தியது.

பக்கத்து வீட்டுச் செல்வி மண்ணடியில் சுங்க முகவர் ஒருவரிடம் எழுத்தர். வயது இருபத்து மூன்று. பி.காம். முடித்த கையோடு சேர்ந்துவிட்டாள். இறக்குமதிப் பத்திரம் தயாரிப்பது, தீர்வை விகிதம் பார்ப்பது, சுங்க அறிவிக்கைகளைக் கோப்பில் சேர்ப்பது, இவைதான் வேலை. அன்று மாலை வேலை முடிந்து படியேறி வந்தவளிடம் ஆயா அந்தக் காகிதத்தை நீட்டினார்.

“எனக்குச் சொந்த வீடு இருக்கிறதாம் கண்ணு. எங்கே என்று கேட்டுச் சொல். போய்க் குடியேறுகிறேன்.”

செல்வி சிரிக்கவில்லை. ஆயா அதை வேடிக்கையாகச் சொல்லவும் இல்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்துபோய், எதிர் வீட்டம்மாவிடம் கடன் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

மறுநாள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுத் தனி வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனாள். மேசையில் மனுக்கட்டுகள் முழங்கை உயரத்துக்கு இருந்தன. அங்கிருந்த உதவியாளர் கெட்டவர் இல்லை. களைத்துப் போனவர். “சொத்து இருந்தால் கிடையாதும்மா. அரசாணை அப்படித்தான்” என்று சொல்லி, தன் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த நகலைக் காட்டினார். செல்வி அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கீழ் ஓரத்தில் “1/3” என்று இருந்தது. மூன்று பக்க ஆணையின் முதல் பக்கம் மட்டுமே அந்தக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

அதுவும் திருத்த ஆணை. திருத்த ஆணையை மட்டும் படித்து யாருக்கும் எதுவும் புரியாது. புரியக்கூடாது என்று யாரும் எழுதுவதில்லை, ஆனாலும் புரியாது. “மேலே மூன்றாவதாகப் படிக்கப்பட்ட அரசாணையில் பத்தி 5, உட்பிரிவு (2)-இல் ‘ரூ.50,000’ என்பதற்குப் பதிலாக ‘ரூ.1,00,000’ என்று கொள்ளப்பட வேண்டும். ‘சொத்து’ எனும் சொல்லுக்குப் பின்னர்...” அத்தோடு முதல் பக்கம் முடிந்துவிட்டது. படிக்காத ஒரு கிழவியின் சாப்பாடு, பக்கம் திருப்பினால்தான் தெரிகிற ஒரு சொற்றொடரில் இருக்கிறது. 1962-இல் இந்த மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை தொடங்கியது. அன்று முதல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்த ஆணைகளையெல்லாம் சேர்த்து, இன்று நடப்பில் இருப்பது இதுதான் என்று ஒரே தாளில் எழுதி ஒவ்வோர் அலுவலகச் சுவரிலும் ஒட்டியிருக்க வேண்டாமா? எனக்கு இதில் கோபம் உண்டு.

செல்விக்கு இந்த நடை புதிதல்ல. சுங்க அறிவிக்கைகளும் இப்படித்தான் வரும். இந்த எண்ணுக்குப் பதில் அந்த எண், இந்தப் பதிவுக்குப் பின் அந்தப் பதிவு. திருத்தத்தைத் தனியாகப் படித்துவிட்டுத் தீர்வை போட்டால் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும், ஒவ்வொரு நாளைக்கும் வாடகை ஏறும். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே முதலாளி ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தார். திருத்தம் வந்தால் மூலத்தை எடு, பென்சிலால் பழையதை அடி, புதியதை மேலே எழுது, பிறகு முழு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படி.

அலுவலக நேரம் முடிந்த பிறகு அரசு இணையதளத்தில் தேடினாள். திருத்த ஆணையின் மூன்று பக்கங்களும் கிடைத்தன. “மேலே மூன்றாவதாக” என்று சொன்ன மூல ஆணை, வேறொரு துறைத் தலைப்பின் கீழ் இருந்தது. எழுத்து மங்கிய ஒளிநகல். இடையில் வந்த இன்னொரு திருத்தமும் சிக்கியது. மூன்றையும் அச்செடுத்து, காலாவதியான கப்பல் பட்டியல் ஒன்றின் பின்பக்கத்தில் ஐந்தாம் பத்தியை எழுதத் தொடங்கினாள். முதலில் மூலத்தில் உள்ளபடி, கறுப்பு மையில். இடைத் திருத்தம் நீல மையில். கடைசித் திருத்தம் பென்சிலில். அடித்தல் திருத்தலோடு தாள் அசிங்கமாக இருந்தது. ஆனால் வாய்விட்டுப் படித்தபோது வாக்கியம் முழுதாக வந்தது:

“மனுதாரரின் பெயரில் உள்ள நிலையான சொத்து, அரசின் திட்டத்தின் கீழ் இலவசமாக வழங்கப்பட்ட வீடு நீங்கலாக, ரூ.1,00,000-க்கு மிகாமல் இருத்தல் வேண்டும்.”

கான்கிரீட் என்ற சொல் மூன்று ஆணைகளில் எதிலுமே இல்லை.

அப்போதே வென்றுவிட்டதாகத் தோன்றியது அவளுக்கு. மறுபடி அலுவலகத்துக்குப் போனபோது உதவியாளர் தாளை நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். “இலவசமாக வழங்கப்பட்ட வீடு என்றுதானே இருக்கிறது? வாரிய வீடு தவணைக்குக் கொடுத்ததாயிற்றே. பணம் கட்டி வாங்கியதை இலவசம் என்று நான் எப்படி எழுத முடியும்?”

செல்வியிடம் பதில் இல்லை. அதோடு விட்டுவிடவும் மனம் வரவில்லை.

அன்றிரவு ஆயாவின் இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள். கல்யாணப் புடவை, கணவரின் துறைமுக நுழைவு அட்டை, மகளின் பள்ளிச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் அடியில் பிளாஸ்டிக் உறை ஒன்று. அதற்குள் ஒதுக்கீட்டு ஆணை. வாரியத்துக்குக் குடிசை மாற்று வாரியம் என்றே பெயர் இருந்த காலத்தது. 2021-இல்தான் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். மடிப்புகளில் தாள் நான்காகப் பிரியும் நிலையில் இருந்தது. ஒதுக்கீடு ஆயாவின் கணவர் பெயரில். அவர் போய்ச் சேர்ந்த பிறகு தவணை நின்றுவிட்டது. மீதி கட்டச் சொல்லி வந்த அறிவிப்பும் அதே உறைக்குள் இருந்தது.

செல்வி நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஏழாவதில் நின்றாள். முழுத் தொகையும் செலுத்திக் கிரயப் பத்திரம் பதிவு செய்து கொடுக்கப்படும் வரை, குடியிருப்பு வாரியத்தின் உடைமையாகவே இருக்கும்.

“ஆயா, பத்திரம் ஏதாவது பதிவு செய்தீர்களா? சார்பதிவாளர் அலுவலகம் போய்க் கையெழுத்துப் போட்டீர்களா?”

“காசு கட்டி முடித்தால்தானே அதெல்லாம்? அவர் போன பிறகு யார் கட்டினார்கள்?”

“அப்படியென்றால் இது உங்கள் வீடே இல்லை, ஆயா.”

ஆயாவின் முகம் வாடிவிட்டது. இத்தனை வருடம் குடியிருந்த வீட்டை இல்லை என்று சொன்னால் யாருக்குத்தான் தாங்கும்? செல்வி அவசரமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களை யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். காகிதத்தில் மட்டும் சொல்கிறேன். காகிதத்தில் இது வாரியத்தின் சொத்து. உங்கள் பெயரில் சொத்தே கிடையாது.”

மேல்முறையீட்டு மனுவை அவள் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகவிடவில்லை. அதில் முக்கியமான பகுதி இது:

“இந்த வீட்டை அரசு இலவசமாக வழங்கியதாகக் கருதினால், நடப்பில் உள்ள ஐந்தாம் பத்தியின் உட்பிரிவு (2)-இன்படி அதைக் கணக்கில் கொள்ள இயலாது. தவணை வீடு என்று கருதினால், ஒதுக்கீட்டு ஆணையின் ஏழாம் நிபந்தனைப்படி அது இன்றுவரை வாரியத்தின் உடைமை. என் பெயரிலோ, மறைந்த என் கணவர் பெயரிலோ கிரயப் பத்திரம் இல்லை. இரண்டில் எவ்வாறு கொண்டாலும் எனக்கு நிலையான சொத்து இல்லை. ஆகவே நிராகரிப்பை மறுபரிசீலனை செய்து, நேரில் கள விசாரணை நடத்த வேண்டுகிறேன்.”

இணைப்பாக மூன்று ஆணைகளின் நகல், ஒதுக்கீட்டு ஆணையின் நகல், தவணை அறிவிப்பின் நகல், கடைசியாக மூன்று நிற மைகளில் எழுதிய அந்தத் தாளின் நகல். எல்லா நகலிலும் ஆயா பெருவிரல் ரேகை வைத்தார். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் ஒரு படியும், தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு படியும் கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகை வாங்கினாள் செல்வி. ஒப்புகை இல்லாமல் கொடுக்கும் மனு, கொடுக்காத மனுதான் என்பது துறைமுக வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கடைசியில் வருவாய் ஆய்வாளர் ஒருநாள் படியேறி வந்தார். கூரையைப் பார்த்தார். ஒதுக்கீட்டு ஆணையை மடிப்புக் கிழியாமல் வாங்கிப் பார்த்தார். மகள் பொன்னேரியில் கூலி வேலை செய்வதை விசாரித்து எழுதிக்கொண்டார். ஒப்பளிப்பு ஆணை அதற்குப் பிறகு வந்தது. மனுவில் இருந்த வாதத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை, “தகுதியுடையவர் எனக் கண்டறியப்பட்டது” என்பது மட்டும்தான்.

முதல் தொகை வந்த அன்று இன்னொரு தடங்கல். வங்கித் தொடர்பாளர் கைரேகை இயந்திரத்தோடு மாடிக்கு வந்தார். ஆயா விரலை வைத்தார், ரேகை பதியவில்லை. அடுத்த விரல், அதுவும் இல்லை. ஐஸ் தண்ணீரிலும் இறால் ஓட்டிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்த விரல்கள். நுனிகள் வழுவழுவென்று, ஆங்காங்கே வெள்ளையாக வெடித்திருந்தன. செல்வி வெந்நீரில் துணியை நனைத்து ஒவ்வொரு விரலையும் துடைத்துவிட்டு, துளி தேங்காய் எண்ணெய் தடவி, பிறகு நன்றாகத் துடைத்தாள். இடதுகை மோதிர விரலில் பச்சை விளக்கு எரிந்தது.

“அந்த விரலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதமும் அதையே வைக்கலாம்” என்றார் வங்கித் தொடர்பாளர். ஆதார் மையத்துக்குப் போய்க் கைரேகையைப் புதுப்பித்துவிடும்படியும் சொன்னார். செல்வி அதைக் குறித்துக்கொண்டாள்.

ஆயா இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களையும் இரண்டு நூறு ரூபாய்த் தாள்களையும் எண்ணிப் பார்த்தார். எதிர் வீட்டம்மாவுக்கு மாத்திரைக் கடனைக் கொடுத்தனுப்பினார். செல்வியிடம் நூறு ரூபாயை நீட்டினார். அவள் வாங்க மறுத்ததும் ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நகல் எடுத்தாயே, பஸ்ஸில் போனாயே, அதெல்லாம் யார் காசு?”

“நகலுக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஆயா.”

நகல் செலவை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தாள். ஆயா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, பாய்க்கு அடியிலிருந்து வேறொரு காகிதத்தை எடுத்தார். இரண்டாம் மாடி குப்பம்மாளின் மனு. அதே அலுவலகம், அதே ஒரு வரி.

செல்வி வாங்கிப் பார்த்தாள். “அவர்களிடம் ஒதுக்கீட்டு ஆணை இருக்கிறதா ஆயா?”

“இருக்கிறது. கீழே போய்க் கேள், எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.”