அப்பத்தா ஊற்று: ஐந்தாம் வகுப்புக்கு ஒரு கதைப் பாடம்

வியாழக்கிழமை எனக்குப் பதிலாக ஐந்தாம் வகுப்பு எடுக்கப்போகும் டீச்சருக்காக இதை முழுசாக எழுதி வைக்கிறேன். பிள்ளைகள் 22 பேர். அடுத்தடுத்து இரண்டு பீரியடு, மொத்தம் 80 நிமிடம். மேசையில் ஒரு கொட்டாங்கச்சியும், ஒரு கண்ணாடி டம்ளரும், கொஞ்சம் கல்லுப்பும், மஞ்சள்தூளும், ஒரு கரண்டியும் இருக்கின்றன. கதைத் துண்டுகளை வெட்டி ஐந்து கவரில் போட்டிருக்கிறேன், குழுவுக்கு ஒன்று.

கதையைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். நீங்கள்தான் வாசிக்க வேண்டும். தாள் கையில் இருந்தால் கண் கடைசி வரிக்கு ஓடிவிடும், பிறகு ஊகிக்க ஒன்றும் இருக்காது.

வாசிக்கும் முன் ஒரே கேள்வி: "உங்க வீட்டுல குடிக்கிற தண்ணி எங்கேருந்து வருது?" லாரி, குழாய், கேன் என்பார்கள். தனுஷ்கோடிப் பக்கம் சொந்தக்காரர் உள்ள பிள்ளை ஒன்றிரண்டு "மணல்ல தோண்டுவோம்" என்று சொல்லும். "எவ்வளவு ஆழம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

கதை: முதல் பகுதி

முனீஸ் வீடு இரண்டு கடலுக்கும் நடுவில் இருந்தது. வடக்கே நடந்தால் ஒரு கடல். தெற்கே நடந்தால் இன்னொரு கடல். இரண்டும் உப்பு.

ஆனால் வீட்டுக்குப் பின்னால், மணல் மேட்டில், அப்பத்தாவின் ஊற்று இருந்தது. முழங்கை ஆழம்தான். ராத்திரியில் அதன் மேல் பனையோலை போட்டு மூடி வைப்பாள். விடிந்ததும் ஓலையை நீக்கிக் கொட்டாங்கச்சியால் ஒரு மோப்பு மோந்து குடத்தில் ஊற்றுவாள். பிறகு சும்மா உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் மெல்ல ஊறும். மறுபடி ஒரு மோப்பு.

"இன்னும் கொஞ்சம் தோண்டுனா நெறைய வரும்ல அப்பத்தா?" என்றான் முனீஸ்.

"வேணாம்யா. அது மேல மெதக்குற தண்ணி. மேலயே எடுத்துக்கிரணும்."

மிதக்கிற தண்ணீரா? கட்டை மிதக்கும், வள்ளம் மிதக்கும். தண்ணீர் எப்படி மிதக்கும்? முனீஸ் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான்.

நாளைக்குத் தங்கச்சி நாகுவுக்குக் காதுகுத்து. பாம்பனிலிருந்து மாமா வீட்டார் 12 பேர் வேனில் வருகிறார்கள். ஒரு குடம் தண்ணீர் எந்த மூலைக்குக் காணும்? "விடிய எந்திரிச்சு மேட்டுல இன்னும் மூணு ஊத்து தோண்டிக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு அப்பத்தா படுத்துவிட்டாள். முனீசுக்குத் தூக்கம் வரவில்லை. மூலையில் மண்வெட்டி சாய்த்து வைத்திருந்தது.

*இங்கே நிறுத்துங்கள்.* "முனீஸ் என்ன செய்வான்?" எல்லாக் கையும் தூக்கும், எல்லாரும் "தோண்டுவான்" என்பார்கள். அது சுலபம். கேட்க வேண்டியது அடுத்த கேள்வி: "எதை வச்சுச் சொல்ற?" மண்வெட்டி என்று ஒருவன் சொல்லட்டும், தூக்கம் வரவில்லை என்று இன்னொருத்தி சொல்லட்டும். காரணம் கதைக்குள்ளிருந்து வர வேண்டும். "எனக்குத் தோணுச்சு டீச்சர்" என்றால், "எந்த வரியைக் கேட்டதும் தோணுச்சு?" என்று விடாமல் கேளுங்கள். பதில் சரியா தவறா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள்.

இரண்டாம் பகுதி

நிலா வெளிச்சத்தில் முனீஸ் ஓலையை நீக்கினான். வெட்டினான். முட்டி ஆழம் வந்தது. இடுப்பு ஆழம் வந்தது. குபுகுபுவென்று தண்ணீர் ஏறியது! காத்திருக்கவே வேண்டியதில்லை. குடத்தை அப்படியே அமுக்கி நிரப்பினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு குடம். வரிசையாகத் திண்ணையில் வைத்துவிட்டுப் படுத்தான். காலையில் அப்பத்தா என்ன சொல்வாள் என்று நினைத்துச் சிரித்தபடியே தூங்கிப்போனான்.

*இரண்டாவது நிறுத்தம்.* இந்த முறை யாரும் வாயால் சொல்ல வேண்டாம். காலையில் என்ன நடக்கும் என்று நோட்டில் ஒரே வரி, அடுத்து 'ஏனென்றால்' போட்டு இன்னொரு வரி. மூன்று நிமிடம். பாதிப்பேர் "அப்பத்தா பாராட்டினாள்" என்று எழுதுவார்கள். எழுதட்டும். அவர்களுக்குத்தான் அடுத்த பகுதி வேலை செய்யும்.

மூன்றாம் பகுதி

விடிந்தது. திண்ணையில் நாலு குடத்தையும் பார்த்த அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. ஒரு குடத்திலிருந்து மோந்து கருப்பட்டிக் காப்பி போட்டாள். முதல் டம்ளரை முனீசிடமே நீட்டினாள்.

ஒரு வாய் குடித்தான். துப்பினான்.

உப்பு.

நாலு குடமும் உப்பு. ஓடிப்போய் ஊற்றில் விரலை விட்டு நக்கினான். அதுவும் உப்பு. ரோட்டில் வேன் ஹாரன் கேட்டது.

*மூன்றாவது நிறுத்தம்.* வகுப்பு சத்தமாகிவிடும், விட்டுவிடுங்கள். பிறகு டம்ளரை எடுங்கள். பாதி டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் உப்பும் சிட்டிகை மஞ்சளும் கலக்குங்கள். கரண்டியின் முதுகு வழியாக நல்ல தண்ணீரை மெதுவாக, மிக மெதுவாக மேலே விடுங்கள். கீழே மஞ்சள், மேலே தெளிவு, இரண்டு அடுக்காக நிற்கும். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே இப்படித்தான் தங்குகிறது. இப்போது கரண்டியை அடிவரை விட்டுக் கலக்குங்கள். "மேல மெதக்குற தண்ணி" என்று பின்வரிசையிலிருந்து யாராவது சொல்வார்கள். சொல்லவில்லை என்றால் அந்த வரியை மட்டும் திரும்ப வாசியுங்கள். துப்பு முதலிலேயே இருந்தது, நாமும் முனீசோடு சேர்ந்து சிரித்துவிட்டு ஓடிவந்துவிட்டோம் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். இந்தச் சோதனையைக் கதைக்கு முன்னால் செய்துவிடாதீர்கள்.

கடைசிப் பகுதி

அப்பத்தா திட்டவில்லை. வெட்டின குழியைக் காலால் மணல் தள்ளி மூடினாள். மேட்டில் இருபது எட்டு தள்ளிப் போய் உட்கார்ந்து கையாலேயே தோண்டினாள். "முழங்கைக்கு மேல போகாத" என்று முனீசுக்கும் ஓர் இடம் காட்டினாள்.

வேனிலிருந்து இறங்கிய பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கொட்டாங்கச்சி. மூன்று சின்ன ஊற்றைச் சுற்றி மொத்தச் சொந்தமும் உட்கார்ந்து, ஒரு மோப்பு மோந்து, காத்திருந்து, மறு மோப்பு மோந்தது. நாகு காது குத்தி முடிக்கையில் உச்சிவெயில்.

அன்று ராத்திரி ஊற்றுக்கு ஓலை போட்டவன் முனீஸ். போடும் முன் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தான். தண்ணீர் சரியாக முழங்கையைத் தொட்டது.

திரும்பச் சொல்லுதல்

வட்டமாக உட்காரவையுங்கள். கொட்டாங்கச்சி யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு நிகழ்ச்சி மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கட்டும். ஒவ்வொருவரும் ஓர் இணைப்புச் சொல்லோடு தொடங்க வேண்டும்: அதனால், ஆனால், அதற்குள், பிறகு, கடைசியில். 'அப்புறம்' என்ற சொல்லுக்கு இன்றைக்கு லீவு. அதை எடுத்துவிட்டால்தான் 'அதனால்' வெளியே வரும். வீட்டுப் பேச்சில் சொன்னால் திருத்தாதீர்கள். கதை சொல்லும்போது "மோந்தான்" என்பது "முகந்தான்" என்பதைவிட உயிரோடு இருக்கிறது.

ஒரு சுற்று முடிந்ததும் இரண்டாவது சுற்று: இதே கதையை அப்பத்தா தன் அண்ணனிடம் சொல்கிறாள். "அண்ணே, நேத்து ஒரு கூத்து நடந்துச்சு..." என்று தொடங்கிக் கொடுங்கள். யாராவது "முனீஸ் ராத்திரி மண்வெட்டிய எடுத்தான்" என்று சொன்னால், அது அப்பத்தாவுக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கதையில் முதலில் வருவது நாலு குடம், பிறகுதான் குழி. போன வருடம் இந்த இடத்தில் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியானது. கதை மாறவில்லை, சொல்கிறவர் மாறியதும் வரிசை மாறிவிட்டது.

வரிசைப்படுத்துதல்

கவரில் உள்ள துண்டுகள்:

க. நாலு குடமும் திண்ணையில் நின்றன.
ச. "அது மேல மெதக்குற தண்ணி" என்றாள் அப்பத்தா.
ட. சொந்தக்காரர்கள் கொட்டாங்கச்சியோடு உட்கார்ந்தார்கள்.
த. முனீஸ் காப்பியைத் துப்பினான்.
ப. முனீஸ் இடுப்பு ஆழம் வெட்டினான்.
ம. அப்பத்தா பழைய குழியை மூடினாள்.
ய. 12 பேர் வருகிறார்கள் என்று தெரிந்தது.
வ. மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீர் இருந்தது.

'வ' தவிர மற்றவற்றின் வரிசை: ச, ய, ப, க, த, ம, ட. பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ச, ய இரண்டையும் மாற்றி வைத்த குழுவிடம் கதையை நினைவுபடுத்தினால் போதும்.

'வ' துண்டைத்தான் வேண்டுமென்றே போட்டிருக்கிறேன். அதை எங்கே வைப்பது? சில குழு 'த'வுக்குப் பக்கத்தில் வைக்கும், ஏனென்றால் நமக்கு அப்போதுதான் தெரிந்தது. சில குழு எல்லாவற்றுக்கும் முதலில் வைக்கும், ஏனென்றால் அது எப்போதுமே அங்கே இருந்தது. இரண்டும் சரி. காரணம் சொன்ன குழுவுக்கு மதிப்பெண் கொடுங்கள். எங்காவது செருகிவிட்டுப் பேசாமல் இருக்கும் குழுவைப் பேசவையுங்கள்.

முடிவை மாற்றுதல்

வேன் ஹாரன் வரை கதை அப்படியே. அதற்குப் பிறகு அவரவர் முடிவு, ஆறிலிருந்து பத்து வரி. ஒரு விதி உண்டு: ஆட்கள் மாறலாம், அவர்கள் செய்வது மாறலாம், மணல் மாறாது. ஆழ வெட்டினால் உப்புதான்.

"திடீரென்று மழை பெய்தது" என்று நிச்சயம் ஓரிருவர் எழுதுவார்கள். தவறு என்று அடிக்காதீர்கள். "இது எந்த மாசம்? முன்னாடி எங்காவது மேகம் இருக்கா?" என்று கேளுங்கள். ராத்திரி நிலா வெளிச்சம் என்று கதை சொல்கிறது. போன வருடம் ஒரு பிள்ளை, மாமா வேனில் தண்ணீர்க் கேன் வந்தது என்று எழுதியிருந்தாள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவள் முடிவைத் தொடாமல் முதல் பகுதிக்குப் போய் ஒரு வரி சேர்த்தாள்: மாமா போனில் "தண்ணி கொண்டு வரவா?" என்று கேட்டார், அப்பத்தா "எங்க ஊத்து இருக்கும்போது எதுக்கு?" என்று மறுத்துவிட்டாள். அந்த ஒரு வரியால் அப்பத்தாவின் வீம்பும் கதைக்குள் வந்தது, கேனுக்கும் வழி பிறந்தது. எழுதி முடித்தவர்கள் எல்லாரிடமும் இதையே கேளுங்கள்: உன் முடிவுக்காக முன்னால் எந்த வரியைச் சேர்க்கணும்?

புயல் வந்து எல்லாரும் போய்விட்டார்கள் என்று யாராவது எழுதினால் கொஞ்சம் நிதானம் தேவை. 1964 டிசம்பர் புயலில் ஆட்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் இந்தக் கரையில் உண்டு. அந்தப் பிள்ளை வீட்டில் கேட்டதை எழுதியிருக்கலாம். வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், வேறு முடிவு எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

நோட்டுகளைத் திருத்த வேண்டியதில்லை, என் மேசையில் வைத்துவிடுங்கள். எழுத்துப்பிழையை வெள்ளிக்கிழமை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டாவது நிறுத்தத்தில் எழுதிய 'ஏனென்றால்' வரியில் கதையில் உள்ள ஏதாவது ஒன்று இருக்கிறதா. இல்லாதவர்களின் பெயரை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வையுங்கள்.

வீட்டு வேலை: வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம், சின்ன வயதில் தண்ணீர் எங்கே எடுத்தார்கள் என்று கேட்டு வர வேண்டும். எழுதத் தேவையில்லை, வெள்ளிக்கிழமை சொன்னால் போதும். கொட்டாங்கச்சியை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள், அன்றைக்கும் வேண்டும்.