மூன்றாவது பேஸ்

ஒன்பது மணி மீட்டிங் என்றால் ஒன்பதுக்கு ஆரம்பித்தே விட்டார்கள். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், பம்ப் கம்பெனி, எனக்கு வேலையில் முதல் நாள். மேசையைச் சுற்றி ஆறு பேர். நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதற்காக எல்லோரும் ஜெர்மனை விட்டுவிட்டு இங்கிலீஷில் பேசியது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

திரையில் இந்தியாவிலிருந்து திரும்பி வந்த போர்வெல் மோட்டார்களின் படங்கள். டீம் தலைவர் மார்க்குஸ், இன்சுலேஷன் தாங்கவில்லை, வைண்டிங் ஒயரை மாற்றிவிடலாம் என்றார். பக்கத்திலிருந்த பெண், தண்ணீரில் மணல் அதிகமாகி பேரிங் இறுகியிருக்கும் என்றார்.

எனக்கோ படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அன்னூரில் அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார், பள்ளிக்கூட லீவெல்லாம் நான் அங்கேதான் கிடந்தேன். இரண்டு வைண்டிங் கரியாகி ஒன்று மட்டும் புதுசு போல இருந்தால், தோட்டத்துக்காரரிடம் அப்பா "ஒரு பேஸு வரலீங்க, ரெண்டுலயே ஓடியிருக்குது" என்பார். ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் ஒரு பேஸ் போய்விட்டால் மொத்தச் சுமையும் மீதி இரண்டின் தலையில்தான், கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு, அப்புறம் எந்த ஒயர் போட்டு என்ன. இன்சுலேஷன் மட்டும் கெட்டிருந்தால் ஏதாவது ஓரிடத்தில் பொசுங்கும், இப்படி ஒழுங்காக, ஒன்று விட்டு வைத்துக் கருகாது.

சொல்லலாமா?

காலேஜ் சீனியர் அண்ணன் ஒருத்தர், முதல் மாசம் காதை மட்டும் வேலைக்குக் கூட்டிப்போ என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் என் வாயை அடைத்தது அது இல்லை. இது ரெண்டு பேஸில் ஓடிய மோட்டார் என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி "ஏன் ஓட்டினார்கள்?" என்பதுதான். எங்கள் பக்கம் விவசாயத்துக்கு த்ரீ பேஸ் நாள் முழுக்க வராது. மற்ற நேரம் வருகிற ரெண்டு பேஸில் கண்டன்சர் மாட்டி மோட்டாரை ஓட்டுவார்கள். அப்படி ஓட வேண்டுமென்றால் பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்துகிற பிரிவென்ட்டரின் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். அப்புறம் த்ரீ பேஸ் ஓடும்போது ட்ரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃப்யூஸ் போனாலும் நிறுத்த ஆளில்லை, அது பாட்டுக்கு ஓடி எரியும். இதை அப்படியே சொன்னால் "தவறான பயன்பாடு" என்று ஒரு வரி எழுதி வாரண்டியை மூடிவிட மாட்டார்களா? ஆயிரம் அடி போர் போட்டு, வாழை வாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனுசனை நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

மார்க்குஸ் லேப்டாப்பை மூடப் போனார். "சரி, ஒயரை மாற்றுவோம். வேறு யாராவது?"

ஒயரை மாற்றினால் விலை ஏறும், மோட்டார் அப்போதும் எரியும். அந்தப் பணமும் அதே மனுசன் பையிலிருந்துதான் போகும்.

"நான் ஒன்று சொல்லலாமா?" குரல் நடுங்கத்தான் செய்தது. எழுந்து போய் போர்டில் மூன்று வைண்டிங்கை வரைந்தேன், ஒன்றை விட்டுவிட்டு இரண்டைக் கறுப்பாக்கினேன். ஃப்யூஸ், கண்டன்சர், கழற்றிய பிரிவென்ட்டர் எல்லாவற்றையும் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. அப்புறம், "அவர்கள் தெரியாமல் கழற்றவில்லை. அது இருந்தால் அவர்களுக்குத் தண்ணீர் இல்லை. பேஸைப் பார்த்து நிறுத்தாமல், வைண்டிங்குக்குள் சென்சார் வைத்து சூட்டைப் பார்த்து நிறுத்தினால் யாரும் கழற்ற மாட்டார்கள்" என்றேன்.

யாரும் பேசவில்லை. மணல் என்று சொன்ன பெண்தான் முதலில் படத்தைப் பெரிதாக்கி, இரண்டாவது மோட்டாரைக் காட்டினார், மூன்றாவதையும். எல்லாவற்றிலும் அதே வரிசை.

"அங்கே ராத்திரியில் ஸ்டார்ட்டருக்கு எத்தனை வோல்ட் வருகிறது?" என்று மார்க்குஸ் கேட்டார்.

"400 வர வேண்டும். வருவது அதைவிடக் குறைவு, ஆனால் அளந்த கணக்கு என்னிடம் இல்லை. வாங்கித் தருகிறேன்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம், கடையில் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சாப்ட்டியா கண்ணு? மொத நாளு எப்படிப் போச்சு?"

"நல்லா போச்சுங்கப்பா. நீங்க ஒரு காரியம் பண்ணணும். நம்ம பெரியப்பா தோட்டத்துல ராத்திரி மோட்டார் ஓடறப்ப ஸ்டார்ட்டர்ல வோல்ட் பார்த்து எழுதித் தருவீங்களா? மூணு பேஸும் தனித்தனியா."

"ஏஞ்சாமி, அங்க எதுக்கு இது?"

சொன்னேன். சுத்தியல் சத்தம் நின்றது.

"எத்தன மணிக்குப் பாக்கோணும்னு மட்டும் சொல்லு," என்றார். "மணிக்கொருக்காப் பாத்துறலாம்."